தேதி உள்ள பக்கம்

என்னை வேலையை விட்டு அனுப்பிய அறையில் ஒரு தட்டு பிஸ்கட் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இருபத்திரண்டு வருடம் உழைத்தவனுக்குச் சொல்கிற செய்தியா இது, பிஸ்கட் வைத்துக்கொண்டு? எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "சார், கம்பெனி உங்க சேவையை ரொம்ப மதிக்குது" என்றாள். மதிக்கிற லட்சணத்தைப் பார்த்தீர்களா! மூன்று மாதச் சம்பளமும் சேவைக்கான தொகையும் கணக்கில் விழும் என்று சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினாள். நான் பிஸ்கட்டைத் தொடவில்லை. அவ்வளவுதான் என்னால் காட்ட முடிந்த கோபம்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மருந்துக் கடைகளுக்கு மொத்தமாக மருந்து சப்ளை செய்கிற கம்பெனியில், கடைசிப் பதினோரு வருடமாக ரிட்டர்ன்ஸ் கவுண்டர் என் பொறுப்பு. கடைக்காரர்கள் விற்காமல் தேங்கிய மருந்துகளைப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புவார்கள். எதை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்று நான்தான் பார்ப்பேன். காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து, தேதி முடிந்து மூன்று மாதம் வரை எடுப்போம். எடுத்ததன் மதிப்பைக் கடையின் அடுத்த பில்லில் கழித்துவிடுவோம். ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டோம். பாதி வெட்டிய மாத்திரை அட்டையாக இருந்தாலும் வாங்குவோம், ஆனால் அதில் பேட்ச் நம்பரும் தேதியும் இருக்க வேண்டும். ஊரில் உள்ள கடைக்காரர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முடியாது சார்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகள் கல்லூரியில் மூன்றாம் வருடம். மகன் பதினொன்றாம் வகுப்பு. மகளின் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நாற்பது நாளில். தேதிக்குள் கட்டாவிட்டால் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த மாதமே மகனுக்கும் கட்ட வேண்டும். என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். அவள் சம்பளத்தில் வாடகையும் அடுப்பும் ஓடும். இரண்டு படிப்பு ஓடாது. கையில் வந்த பணத்தை அப்படியே கட்டினால் இந்த வருடத்துக்குப் போதும், அப்புறம் வீட்டில் ஒரு காசு மிஞ்சாது. அடுத்த வருடத்துக்கு வழியே தெரியவில்லை.

இரண்டாம் நாளே மச்சான் வந்துவிட்டான். மனைவியின் தம்பி. நல்ல மனசுக்காரன்தான், ஆனால் அவன் மண்டைக்குள் நிமிடத்துக்கு ஒரு யோசனை பிறக்கும்.

"மாமா, கவலையே படாதீங்க. பத்து ஐடியா எழுதிட்டு வந்திருக்கேன்" என்று டைரியைத் திறந்தான். "ஒண்ணு, டாக்ஸி ஓட்டலாம்."

"எனக்கு முதுகு வலிடா."

"சரி, ரெண்டு. வீட்லருந்தே ஷேர் மார்க்கெட்."

"மூணு?"

"ஐஸ்கிரீம் கடை. பெரிய கம்பெனி பேரு, அவங்களே எல்லாம் செஞ்சு குடுத்துடுவாங்க. நீங்க முதலைப் போட்டுட்டு கல்லாவுல உக்காந்தா போதும்."

"எவ்வளவு முதல்?"

சொன்னான். எனக்கு வந்த தொகை முழுசும், மேலே கொஞ்சமும். சொல்லி வைத்த மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதில் விழப் பார்த்தேன். கல்லாவில் உட்காருகிற நினைப்பு இனித்தது. கடைக்கு என்ன பெயின்ட் என்றுகூட யோசித்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். "தம்பி, அந்தப் பணம் பிள்ளைங்க படிப்பு. அதுல ஐஸ்கிரீம் வாங்கித் தின்ன நான் விடமாட்டேன்."

"அக்கா, இது முதலீடு..."

"உருகிப் போறதுல முதலீடா? சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

டைரி மூடப்பட்டது. மீதி ஏழு யோசனை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வேலை தேடினேன். மூன்று இடத்தில் நேர்காணல். ஓர் இடத்தில், "உங்க அனுபவத்துக்கு நாங்க குடுக்குற சம்பளம் சரிவராது சார்" என்றார்கள். சரிவரும் என்றேன். சரிவராது என்று மறுபடி சொன்னார்கள். என் சம்பளத்தைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு அக்கறை! இன்னோர் இடத்தில் ஒரு பையன், "அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?" என்று கேட்டான். "வீட்ல" என்றேன். எழுந்து வந்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது வந்தது?

நாள் இருபது ஆனது. மனைவி ஒரு மாலை என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, காலேஜுக்குப் போயி சொல்லுங்க. வேலை போயிடுச்சு, தவணையா கட்டுறேன்னு கேளுங்க."

"கெஞ்சச் சொல்றியா?"

"கெஞ்சறது இல்லைங்க, கேக்கறது. நான் தினமும் அந்த கவுண்டர்ல உக்காந்திருக்கேன். தேதிக்கு முன்னாடி வந்து சொல்றவங்களுக்கு எப்படியாவது ஒரு வழி பண்ணிடுவோம். தேதி முடிஞ்சு வந்து அழறவங்களுக்குத்தான் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. முழுசா கட்டிட்டா கை காலியாயிடும். தவணை கிடைச்சா உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்."

"அதுக்குள்ள வேலை கிடைச்சுடும்" என்றேன்.

அவள் எழுந்துபோய்த் துணி மடித்தாள். எல்லாத் துணியையும் தேவைக்கு மேலே அழுத்தி அழுத்தி மடித்தாள்.

அதே வாரம் மகள் என்னிடம் வந்தாள். "அப்பா, நான் ஒரு வருஷம் நிறுத்திட்டு வேலைக்குப் போறேன். அப்புறம் சேந்துக்கலாம். காலேஜ்ல அதுக்கு ஒரு லெட்டர் குடுத்தா போதுமாம்."

"செருப்பு பிஞ்சுடும்!" என்று கத்தினேன். இதுவரை அவளை ஒரு அடி அடித்ததில்லை. அவள் பயப்படவும் இல்லை. என்னைப் பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

இருபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை, எனக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனது. வழக்கமாக வாங்குகிற கடை மூடியிருந்தது. மெயின் ரோட்டில் திறந்திருந்தது 'கண்ணாடி'யின் கடை ஒன்றுதான். தடித்த சட்டகம் போட்ட கண்ணாடிக்காரர். பதினோரு வருடத்தில் என் கவுண்டரில் வந்து என்னோடு சண்டை போட்டவர்களில் முதல் இடம் அவருக்கு. மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவரை நினைத்தாலே அழுத்தம் ஏறியதால் உள்ளே போனேன்.

"வாங்க முடியாது சார்" என்றார். நேரடியாகவே சொன்னார்! "பத்து மாத்திரையா, பதினஞ்சா?"

"பத்து."

பதினைந்து மாத்திரை அட்டையை எடுத்தார். கத்தரிக்கோலை வைத்தார். அச்சடித்த தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கிற முனையிலிருந்து வெட்டப் போனார்.

"யோவ், அந்தப் பக்கம் வெட்டாதய்யா!" என்று நான் போட்ட கத்தலில் வாசலில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

"தேதி உள்ள பக்கத்தை எனக்குக் குடுத்துட்டா, உங்க கையில மிச்சம் இருக்குற அஞ்சுல தேதியே இருக்காது. நாளைக்கு அது என்னைக்குக் காலாவதி ஆகும்னு உங்களுக்கும் தெரியாது. விக்கவும் கூடாது, திருப்பி அனுப்பினா அங்க எடுக்கவும் மாட்டாங்க. இந்தப் பக்கத்துலருந்து வெட்டுங்க, தேதியைக் கடைசியா விடுங்க. எனக்குத் தேதியைத் தனியா கவர்ல எழுதிக் குடுங்க. பதினோரு வருஷமா உங்க பெட்டியில பாதி திரும்பி வந்ததே இதனாலதான்."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "இதை ஏன்யா பதினோரு வருஷமா சொல்லல?"

நல்ல கேள்வி. 'முடியாது' என்று சீல் அடிப்பதுதான் என் வேலையாக இருந்தது, ஏன் முடியாது என்று சொல்ல எனக்குச் சம்பளம் தரவில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று முறைத்தேன்.

அவர் உள்ளே போய் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இழுத்து வந்து என் காலடியில் போட்டார். "இருங்க, கேக்குறேன். இதுல எது போகும், எது போகாது? பிரிக்க எனக்கு நேரமும் இல்ல, பொறுமையும் இல்ல. அப்படியே கிடக்குது."

கோபத்தில்தான் போட்டார். ஆனால் எனக்குப் பெட்டியைப் பார்த்ததும் கை பரபரத்தது. இருபத்தெட்டு நாளாக இந்தக் கைக்கு வேலையே இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூன்று குவியல் போட்டேன். இனி எங்கேயும் போகாதது ஒன்று. இப்போதே அனுப்பக்கூடியது ஒன்று. இந்த மாத முடிவுக்குள் அனுப்பினால் தப்பிப்பது ஒன்று. எந்தக் கம்பெனிக்கு எத்தனை நாள் கெடு, யாருக்குப் பழைய பில் நகல் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் அவர் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

போகாத குவியலிலிருந்து ஒரு சிரப் பாட்டிலை எடுத்தார். "இது ஒரு முழுப் பெட்டி கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? நாலு நாள் லேட்டுன்னு திருப்பிட்டீங்க. என்ன சொன்னீங்க தெரியுமா? 'தேதிக்கு முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன், இப்ப வந்து நின்னா நான் என்ன செய்ய முடியும்?' அன்னைக்கு வீட்டுக்குப் போயி நான் சாப்பிடல சார்."

எனக்குச் சுருக்கென்றது. அது என் வசனம்தான். என் மனைவி எட்டு நாள் முன்னால் எனக்குச் சொன்னதும் அதுவேதான். கல்லூரித் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கௌரவம் பார்த்துக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், கெடுவை எண்ணியே பிழைத்த மனுஷன்!

வீட்டுக்குப் போனதும், "திங்கக்கிழமை லீவு போடு, காலேஜுக்குப் போகலாம்" என்றேன். மனைவி கம்பெனி கொடுத்த கடிதத்தையும் மகளின் மதிப்பெண் பட்டியலையும் ஒரு கவரில் போட்டு ஏற்கெனவே தயாராக வைத்திருந்தாள். எத்தனை நாளாக வைத்திருந்தாளோ.

கல்லூரிக் கணக்கு அலுவலகத்தில் ஒரு ஜன்னல், அதன் முன்னால் ஒரு பெஞ்ச். உள்ளே இருந்த கணக்கு அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மா. என் முறை வந்தபோது கவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விட்டது என்ற இரண்டு வார்த்தையை இதுவரை வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. மனைவி முழங்கையால் இடித்தாள்.

"மேடம், எனக்கு வேலை போயிடுச்சு. முழுசா கட்ட முடியாதுன்னு இல்ல, கட்டினா கையில ஒண்ணும் இருக்காது. தவணையா கட்ட அனுமதி வேணும்."

அவர் கடிதத்தைப் படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடைசித் தேதி என்னைக்குன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். இன்னும் பத்து நாள் இருக்கு."

"அதான் கேட்டேன். எல்லாரும் தேதி முடிஞ்ச மறுநாள்தான் வருவாங்க. அப்ப சிஸ்டமே பூட்டிடும், என்னால திறக்க முடியாது." ஒரு படிவத்தை நீட்டினார். "விண்ணப்பம் எழுதுங்க. பிரின்சிபால் கையெழுத்து நான் வாங்கிடறேன். மூணு தவணை. முதல் தவணை தேதிக்குள்ள கட்டுங்க, இந்தப் பருவத்துக்கு ஹால் டிக்கெட் வந்துடும். மத்த ரெண்டும் அடுத்த தேர்வுக்குள்ள. வேலை போன பெற்றோர் பிள்ளைங்களுக்கு உதவித்தொகை ஒண்ணு இருக்கு, அதுக்கும் சேத்து எழுதுங்க. கிடைக்கும்னு சொல்ல மாட்டேன், எழுதுங்க."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா நான் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன்! வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். போகிற வருகிற பிள்ளைகள் பார்த்தார்கள்.

"அழறதுன்னா வீட்ல போயி அழுங்க. கையில படிவம் இருக்கு, நனைஞ்சுடப் போகுது" என்றாள் மனைவி. அவள் கண்ணும் சரியில்லை.

புதன்கிழமை கண்ணாடிக்காரரின் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு என் பழைய கம்பெனிக்குப் போனேன். அதே கவுண்டருக்கு இந்தப் பக்கம் முதல் முறையாக நின்றேன். உள்ளே, என்னிடம் வேலை கற்றவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"சார், நீங்களா?"

"நான் இப்ப கடைக்காரர் ஆளு. பெட்டியைப் பாரு."

பார்த்தான். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினான். தேதி, பேட்ச், பில் நகல் எல்லாம் வரிசையாக இருந்தன. 'முடியாது' சீல் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் வாங்கிப் போட்ட சீல்தான் அது. அதை இரண்டு தடவை கையில் எடுத்து இரண்டு தடவையும் வைத்தான்.

"ஒண்ணுகூடத் திருப்ப முடியல சார்" என்றான். குறை சொல்கிற மாதிரிதான் சொன்னான், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அடுத்த பில்லில் தொகை கழிந்து வந்ததைப் பார்த்து கண்ணாடிக்காரர் போன் செய்தார். "பதினோரு வருஷத்துல இவ்வளவு கழிஞ்சதே இல்லைய்யா. மாசத்துக்கு ஒரு நாள் வந்து அலமாரியைப் பாத்துக் குடுங்க. சும்மா வேண்டாம்." ஒரு தொகை சொன்னார். நான் கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். "முடியாது சார்" என்றார் அவர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நடுவில் ஒரு தொகைக்கு வந்தோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. கடைக்காரர் சங்கக் கூட்டத்தில், "முடியாது சார் இப்ப நம்ம பக்கம்" என்று அறிவித்துவிட்டார். முதல் மாதம் நான்கு கடை. மூன்றாம் மாதம் ஒன்பது. இப்போது பதினான்கு. ஒவ்வொரு கடைக்கும் மாதம் ஒரு நாள். போனதும் முதல் காரியமாகக் கத்தரிக்கோலில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவேன், தேதி உள்ள பக்கத்தை வெட்டாதே என்று ஞாபகப்படுத்த. பழைய சம்பளத்தில் முக்கால்வாசி வருகிறது. முழுசு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மகனுக்குக் கட்டிவிட்டோம். உதவித்தொகை கிடைக்கவில்லை. மகளின் இரண்டாம் தவணையைக் கடைகளில் வந்த பணத்திலிருந்தே கட்டினேன். மச்சான் மட்டும், "இது என் லிஸ்ட்ல ஒன்பதாவதா இருந்துச்சு மாமா" என்று சாதிக்கிறான். டைரியைக் காட்டச் சொன்னால் தொலைந்துவிட்டது என்கிறான்.

கடைசித் தவணையை நேற்று கட்டினேன், கெடுவுக்கு ஆறு நாள் முன்னால். கணக்கு அதிகாரி அம்மா ரசீதை நீட்டி, "நீங்க எப்பவும் சீக்கிரம்" என்றார். எனக்கு அது ஒரு பதக்கம்.

வீட்டுக்கு வந்து ரசீதை மகளிடம் கொடுத்தேன். அவள் அதைப் படித்தாள். பிறகு தன் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதம். குடும்பச் சூழ்நிலை காரணமாக ஒரு வருடம் படிப்பை நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அழகான கையெழுத்தில். கீழே அவள் கையொப்பம் இருந்தது. "அன்னைக்கு நீங்க கத்தினீங்களே, அதுக்கு முன்னாடியே எழுதினதுப்பா" என்றாள்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழக்க தோஷம், கண் தானாக மேல் மூலைக்குப் போனது.

"என்னம்மா இது, தேதியே போடலையே. தேதி இல்லாம குடுத்தா எந்த கவுண்டர்லயும் எடுக்க மாட்டாங்க."

"தெரியும்பா" என்றாள். "அதனாலதான் போடல."